ஒரே மருத்துவர், மூன்று மேடைகள்: அறிமுக உரைக்கு எந்த நடை?

பாம்புக்கடி சிகிச்சையில் பெயர் பெற்ற அரசு மருத்துவர் ஒருவரை மூன்று இடங்களில் அறிமுகம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்: மருத்துவக் கல்லூரிக் கருத்தரங்கு, பள்ளிக் கலந்துரையாடல், அவர் வேலை பார்த்த ஊரில் பணி நிறைவு விழா.

கருத்தரங்குக்கு முறையான நடைதான். "பொது மருத்துவத் துறைத் தலைவர் மருத்துவர் இன்னார் அவர்கள், விஷமுறிவு மருந்தைக் கையாளும் முறை பற்றி உரையாற்றுவார்கள்" என்று தொடங்கி, அதைப் பேச அவருக்குள்ள தகுதியை இரண்டு வாக்கியங்களில் சொன்னால் போதும். நூலுக்கான பாயிரம் ஆசிரியர் பெயரோடு நூல் நுவலும் பொருளையும் கேட்போரையும் பயனையும் சொல்ல வேண்டும் என்கிறது நன்னூல். பேச்சாளருக்கும் அந்த அளவு பொருந்தும். நம் மேடைகளிலோ பட்டங்களும் விருதுகளும் நீள்கின்றன. பேசும் பொருள் மட்டும் விட்டுப்போகிறது. "அறிமுகமே தேவையில்லாதவர்" என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் அறிமுகம் செய்பவர்களை என்னவென்று சொல்வது!

பள்ளியில் அதே வாக்கியங்களைச் சொன்னால் பின்வரிசை அப்போதே பேச ஆரம்பித்துவிடும். அங்கே உரையாடல் நடை வேண்டும்: "பாம்பு கடித்த இடத்தை வாயால் உறிஞ்சி விஷத்தை எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள்." கைகள் உயர்ந்ததும், "சரியா தவறா என்று இவரிடமே கேட்போம்" என்று விலகிவிட வேண்டும். பதிலையும் அறிமுகம் செய்பவரே சொல்லிவிட்டால் விருந்தினருக்கு வேலை இருக்காது. குழந்தைகள் முன்னால் சகஜமாகப் பேசலாம். அதற்காக மருத்துவரைப் பற்றிக் கேலி பேசக் கூடாது.

பணி நிறைவு விழாதான் சிக்கலானது. அவரை அறியாதவர் அங்கே யாருமில்லை; எனவே தகுதிகளை அடுக்குவது வீண். நெகிழ்வான நடை தேவை. அதற்கு "அன்பானவர், பண்பானவர்" போன்ற அடைமொழிகள் உதவாது, ஒரு நிகழ்ச்சி உதவும்: "கதிரறுப்புக் காலத்தில் நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்தவர்." இங்கே 'எங்கள் மருத்துவர்' என்பதைவிட 'நம் மருத்துவர்' மேல். முன்னது கேட்பவர்களை வெளியே நிறுத்துகிறது. பின்னது கூட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் நோயாளியின் பெயரையோ குடும்பச் சங்கதியையோ இழுத்தால் நெகிழ்ச்சி சங்கடமாக மாறும். விருந்தினர் தலை குனிந்து கைக்குட்டையைத் தேடினால் அது எப்போதும் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதே மேடையில் மாவட்ட ஆட்சியரும் இருந்தால்? பலர் முழு உரையையும் விறைப்பாக்கிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பதவி வரிசைப்படி விளித்து வணக்கம் சொல்வதுவரை முறையான நடை இருக்கட்டும். மருத்துவரைப் பற்றிய முதல் வாக்கியத்திலேயே ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பி 'நம் மருத்துவர்' என்று சொல்லிவிடலாம். ஆட்சியர் குறை நினைக்க மாட்டார். விழா யாருக்கென்று அவருக்கும் தெரியும்.