தம்ப்நெயில் டெஸ்ட்: கிளிக் மட்டும் பார்த்தால் போதாது

யூடியூப் ஸ்டுடியோவில் ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை போட்டு சோதிக்கும் வசதி 2024 முதல் பரவலாகக் கிடைக்கிறது. தொடர்ந்து பயன்படுத்துகிறவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள்: இது வெற்றியாளரைக் கிளிக் விகிதத்தை வைத்துத் தேர்வு செய்வதில்லை. ஒவ்வொரு படமும் கொண்டுவந்த பார்வை நேரத்தின் பங்கைத்தான் கணக்கில் எடுக்கிறது.

போன் பேட்டரி மாற்றும் வீடியோ ஒன்று என்று வைத்துக்கொள்வோம். உப்பிய பேட்டரி வெடிப்பதுபோல் காட்டும் படம் 10,000 முறை காட்டப்பட்டு 6% கிளிக் வாங்குகிறது. அதாவது 600 பேர். வெடிப்பு எங்கே என்று தேடிவிட்டு சராசரியாக 3 நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். மொத்தம் 1,800 நிமிடம். பின்மூடியைக் கழற்றும் கையைக் காட்டும் படத்துக்கு 4%தான், 400 பேர். ஆனால் சராசரியாக 5 நிமிடம் இருக்கிறார்கள், 2,000 நிமிடம். ஜெயிப்பது இரண்டாவது. ‘கிளிக் குறைவான படத்தை ஏன் வைக்கிறது?’ என்று உங்களிடம் தம்ப்நெயில் செய்து வாங்கும் கிரியேட்டர் கேட்டால், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

மூன்று படமும் சமம் என்றோ முடிவு தெளிவில்லை என்றோ வந்தால், பெரும்பாலும் காரணம் ஒன்று வீடியோவுக்குப் பார்வை போதவில்லை, அல்லது படங்களுக்குள் வித்தியாசம் போதவில்லை. பின்னணியை மஞ்சளிலிருந்து சிவப்பாக்குவது சோதனையே ஆகாது. முகம், பொருள், செயல் என்று மையமே மாற வேண்டும். முடிவு வர இரண்டு வாரம்கூட ஆகலாம். நடுவில் தலைப்பை மாற்றினால், எது எதனால் நடந்தது என்று பிரிக்க முடியாது.

நீங்கள் சொல்லும் விலையும் இதையொட்டித்தான் அமைய வேண்டும். ஃபைல் கணக்கில் விலை சொன்னால் நிறம் மாற்றியதும் புதுக் கருத்தும் ஒரே விலைக்குப் போய்விடும். முதல் படம் 100 என்றால், மையம் மாறும் அடுத்த படத்துக்கு 50, எழுத்தோ நிறமோ மட்டும் மாறினால் 15 என்பது நியாயமான விகிதம். போட்டோ வெட்டுவது, வண்ணம் சரிசெய்வது போன்ற வேலை முதல் படத்திலேயே முடிந்துவிடுவதால்தான் இரண்டாவதுக்குப் பாதி விலை. இரண்டு திருத்தம் விலைக்குள். ஒப்புக்கொண்ட கருத்தையே மாற்றச் சொன்னால் அது புது வேலை. இதை முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது.

திருத்தங்களில் பல, படத்தை முழுத்திரையில் பார்ப்பதால் வருபவை. ‘இன்னும் நாலு வார்த்தை சேருங்க’ என்பது அங்கேதான் பிறக்கிறது. எனவே 1280×720 ஃபைலோடு, அதையே 168×94 அளவுக்குச் சுருக்கி, பக்கத்தில் வேறு சேனல்களின் படங்களை வைத்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்புங்கள். வலது கீழ் மூலையில் வீடியோ நேரம் மறைக்கும் இடத்தையும் அதிலேயே குறித்துவிடுங்கள். ‘பளிச்சுன்னு இல்ல’ என்று பதில் வந்தால் உடனே நிறத்தைக் கூட்டாதீர்கள். ‘இதில் முதலில் உங்கள் கண் எங்கே போகிறது?’ என்று கேளுங்கள். சொன்ன இடம் மையப் பொருளாக இல்லாவிட்டால் திருத்த வேண்டியது அமைப்பை. நிறம் எவ்வளவு ஏற்றினாலும் அந்தக் குறை தீராது.