டெமோவா, வீடியோவா, ரேடாரா: தோற்ற ரவுண்டில் தவறான முடிவைத் தேடுவது எப்படி?

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடும் ஐந்து பேர் குழுவுக்கு, ஆடி முடித்த மேட்சைத் திரும்பிப் பார்க்க மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, கேமே பதிவு செய்யும் டெமோ. இரண்டு, ஒவ்வொருவரும் தன் திரையையும் குழுவின் பேச்சையும் சேர்த்து ஓபிஎஸ்ஸில் எடுக்கும் வீடியோ. மூன்று, டெமோவிலிருந்து பத்து புள்ளிகளாக வரைந்து காட்டும் 2டி ரேடார். குறி ஏன் தவறியது என்று பார்க்க டெமோ ஒன்றே போதும். முடிவு ஏன் தவறியது என்று பார்க்கும்போதுதான் எதை முதலில் திறக்கிறோம் என்பது முக்கியமாகிறது.

எங்கள் பயிற்சி மேட்ச் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். மிராஜ் மேப், நாங்கள் சி.டி. பக்கம். பி சைட்டில் இரண்டு பேர், மிட்டைப் பார்த்தபடி விண்டோவில் ஒருவர், ஏ சைட்டில் இரண்டு பேர். கடிகாரம் 1:10 காட்டும்போது பி அபார்ட்மென்ட்டிலிருந்து ஒரு ஸ்மோக்கும் ஒரு ஃபிளாஷும் வந்தன. 0:48-க்கு ஏ சைட்டில் ஸ்டேர்ஸ், ஜங்கிள், சி.டி. மூன்றையும் ஸ்மோக்கால் மூடிக்கொண்டு நுழைந்தார்கள். 0:33-க்கு பாம் வைத்தாகிவிட்டது. மீட்கப் போய்த் தோற்றோம்.

முதலில் டெமோவைத்தான் திறந்தோம். எக்ஸ்-ரேயில் எதிரிகளின் உருவம் சுவரைத் தாண்டித் தெரியும். 0:58-க்கே நான்கு பேர் ராம்ப்பிலும் பேலஸிலும் நிற்கிறார்கள், அபார்ட்மென்ட்டில் ஒரே ஒருவர். பி சைட்டில் வேன் பக்கம் நின்றவர் கிளம்பியதோ 0:42-க்கு. “பதினாறு செகண்ட் லேட்” என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். அவரும் தலையாட்டிவிட்டார்.

அப்புறம் அவருடைய வீடியோவை ஓடவிட்டோம். 0:58-ல் அவர் திரையில் இருந்தது ஆளில்லாத அபார்ட்மென்ட் வாசல் மட்டும். காதில் 1:08-க்கு விழுந்த “பி-ல ரெண்டு பேர்” என்ற தகவலை அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை. இரண்டு பேர் பி-யில் என்றால் ஏ பக்கம் அதிகபட்சம் மூன்று பேர்தான். அந்தக் கணக்கில் அவர் நின்றது சரியான முடிவு. அந்த “ரெண்டு” என்பதைச் சொன்னவர் யாரையும் பார்க்கவில்லை, சத்தத்தை வைத்துச் சொன்னார். விண்டோவில் இருந்தவரின் வீடியோவில் மிட் அரை நிமிடமாகக் காலியாகக் கிடக்கிறது. அதை அவர் சொல்லவே இல்லை. ராம்ப்பைக் காத்தவர் 0:55-க்கு “ஏ-ல சத்தம்” என்றார், எத்தனை பேர் என்று சொல்லவில்லை. ஆக, தவறு வேனுக்குப் பக்கத்தில் நடக்கவில்லை, பேச்சில் நடந்திருக்கிறது. டெமோவோடு நிறுத்தியிருந்தால், ஒழுங்காக யோசித்த ஒருவரை “சீக்கிரம் கிளம்பு” என்று பழக்கியிருப்போம். அடுத்த வாரம் பி சைட் திறந்து கிடந்திருக்கும்.

அதனால் இப்போது வீடியோதான் முதலில். சாவுக்குப் பத்து செகண்ட் முன்னால் நிறுத்தி, எதிரிகள் ஐந்து பேரும் எங்கே என்று அந்த ஆட்டக்காரரையே எழுதச் சொல்கிறோம். எழுதி முடித்த பிறகுதான் டெமோ. அதிலும் முதல் ஓட்டத்துக்கு எக்ஸ்-ரேயை அணைத்துவிட வேண்டும்:

```
playdemo scrim_mirage
spec_show_xray 0
demo_gototick 41280
```

நொடிக்கு 64 டிக். பத்து செகண்ட் பின்னால் போக 640-ஐக் கழித்தால் போதும். எழுதியதும் உண்மையும் எங்கே பிரிகிறதோ, அந்த இடத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று மறுபடி வீடியோவில் கேட்கிறோம். ஜெயித்த ரவுண்டையும் இப்படியே பார்ப்பது நல்லது, குறி நன்றாக விழுந்ததால் மறைந்துபோன மோசமான முடிவுகள் அங்கேதான் கிடக்கின்றன.

வீடியோவின் செலவு உண்மையானது. 6000 கேபிபிஎஸ்ஸில் பதிந்தால் நிமிடத்துக்கு 45 எம்பி, நாற்பது நிமிட மேட்சுக்கு ஓர் ஆளுக்கு 1.8 ஜிபி. ஐந்து பேருக்கு 9 ஜிபி. பழைய கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொண்டே ஆடினால் எஃப்பிஎஸ் இறங்கும். எல்லோராலும் முடியாவிட்டால், ரவுண்டின் நடுவில் முடிவெடுப்பவரும் மிட் பார்ப்பவரும் மட்டுமாவது பதியட்டும். ஆனால் மைக்கையும் குழுவின் பேச்சையும் ஓபிஎஸ்ஸில் தனித்தனி டிராக்கில் வைக்க வேண்டும். வெடிச் சத்தத்தில் பேச்சு மூழ்கிவிட்டால் வீடியோ எடுத்ததற்கே பலன் இல்லை.

2டி ரேடார் ஒரு ரவுண்டின் தவறைச் சொல்லாது, பழக்கத்தைச் சொல்லும். பத்து மேட்ச்சை அடுத்தடுத்து ஓட்டினால், எங்கள் பி ஆட்கள் எப்போதும் ஒரே நேரத்தில்தான் நகர்கிறார்கள் என்பது ஒரு மணி நேரத்தில் கண்ணில் பட்டுவிடும். நியூக்கில் மட்டும் கவனம். அங்கே ஏ சைட்டுக்கு நேர் கீழே பி சைட். மேலும் கீழுமாக நிற்கும் இரண்டு பேர் புள்ளிகளாகப் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு உதவி போய்ச்சேர எத்தனை செகண்ட் ஆகும் என்பதை டெமோவை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.