ஹீமோகுளோபின் ஏறியது, காலோ மரத்துப்போனது: ஃபோலிக் ஆசிட் மட்டும் எழுதித் தந்தால் உஷார்

58 வயதுப் பெண். சைவம். சர்க்கரைக்குப் பல வருடங்களாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். களைப்பு என்று ஒரு கிளினிக்குக்குப் போனார். ஹீமோகுளோபின் 8.4, எம்சிவி 118. எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன். 100-ஐத் தாண்டினாலே பெரிய அணு. வைட்டமின் பி12 அளவைப் பார்க்காமலே "ரத்தம் கம்மி" என்று தினம் 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் எழுதினார்கள். பத்து வாரத்தில் ஹீமோகுளோபின் 11.3, எம்சிவி 98. சரியாகிவிட்டது என்றார்கள். அதே பத்து வாரத்தில் பாதத்திலிருந்த மதமதப்பு முழங்கால் வரை ஏறியது. முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடினார். அதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். சைவ உணவும் வருடக்கணக்கில் மெட்ஃபார்மினும் சேர்ந்தால் பி12 குறையலாம். அவருக்குக் குறைந்திருந்தது அதுதான். ஃபோலிக் ஆசிட்டின் இயற்கை வடிவம் ஃபோலேட். நம் ரத்தத்தில் ஓடும் ஃபோலேட் பெரும்பாலும் மெத்தில் என்ற சிறு வேதித் துணுக்கு ஒன்றைச் சுமந்தபடி இருக்கிறது. அதைக் கழற்றி ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் ஏற்றி, மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் ஆக்கும் நொதிக்கு பி12 வேண்டும். பி12 இல்லையென்றால் மெத்தில் கழலாது, ஃபோலேட் இருந்தும் உதவாது. டிஎன்ஏவைக் கட்டத் தேவையான தைமிடின் என்ற மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடு வரும். எலும்பு மஜ்ஜையில் இளம் அணுவின் கரு முதிரத் தாமதமாகும். ஹீமோகுளோபின் சேர்வதோ நிற்காது. பிரியவேண்டிய நேரத்தில் பிரியாமல் அணு பெருத்துக்கொண்டே போகும். பாதிக்கு மேல் மஜ்ஜையிலேயே அழிந்தும்விடலாம். அதனால்தான் எண்ணிக்கை குறைவு, உருவம் பெரிது.

மாத்திரையிலுள்ள ஃபோலிக் ஆசிட்டில் அந்த மெத்தில் கிடையாது. பூட்டிய முன்கதவை விட்டுப் பின்வாசல் வழியாக அது உள்ளே போய்விடும். தைமிடின் உருவாகும், ரத்தம் தேறும். ஆனால் மெத்தியோனின் உற்பத்தி அப்படியேதான் முடங்கிக் கிடக்கும். நரம்பின் மயலின் உறையைப் பராமரிக்க அதிலிருந்து வரும் மெத்தில் வேண்டும். இது போக, மெத்தில்மலோனிக் பொருளைச் சிதைக்கும் இன்னொரு நொதிக்கும் பி12 தேவை. அங்கே ஃபோலேட்டுக்கு வேலையே இல்லை. இந்த இரண்டில் நரம்பை அதிகம் கெடுப்பது எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. தண்டுவடத்தின் பின்பகுதி முதலில் அடிபடுவதால் அதிர்வுணர்வும் மூட்டு நிலையுணர்வும் போகும். கண்ணை மூடினால் தள்ளாட்டம் அதனால்தான்.

எம்சிவி சாதாரணமாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். கூடவே இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் சிறிய அணுவும் பெரிய அணுவும் கலந்து சராசரி 88 என்றுகூட வரும். ரத்தசோகையே இல்லாமல் நரம்பு மட்டும் கெடுவதும் உண்டு. அப்போது ரத்தத்துளியைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் ஸ்மியரில், ஆறு மடல் கருவுள்ள நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு தென்படுகிறதா என்று கேளுங்கள்.

ஊசி போடும் முன்பே பி12-க்கு ரத்தம் எடுக்கவேண்டும். போட்டபின் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேகம். அங்கே மெத்தில்மலோனிக் ஆசிட் பரிசோதனை உதவும். ஆனால் மரத்துப்போதல் தொடங்கிவிட்டால் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல், ரத்தம் எடுத்த கையோடு 1000 மைக்ரோகிராம் பி12 ஊசியைத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபோலிக் ஆசிட் தேவைப்பட்டால் அதற்குப் பிறகுதான். ரத்தம் இரண்டு மாதத்தில் சீராகும். நரம்புக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். வெகுநாள் விட்டிருந்தால் முழுதாகத் திரும்பாது.