மேல் பட்டை சுருண்டால் எல்லாம் போச்சு: கம்ப்ரெஷன் சாக்ஸோடு இரண்டு வருடம்

ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிற தோழி, "நீ தினமும் போடுறியே, காலை இறுக்கிப் பிடிக்கிற கம்ப்ரெஷன் சாக்ஸ், விமானத்துல போட்டுக்க எனக்கும் ஒண்ணு சொல்லுடி" என்று கேட்டாள். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் என் கட்டைவிரல் நகம் பட்டு, புது ஜோடியில் ஓட்டை விழுந்திருந்தது.

மருந்துக்கடை கவுண்டரில் பத்து மணி நேரம் நிற்கிறவள் நான். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் செருப்பு வார் பதிந்த தடம் தூங்கும்வரை காலில் இருக்கும். சாக்ஸ் போட ஆரம்பித்த இரண்டாம் வாரம் அந்தத் தடம் காணாமல் போனது. ராத்திரி கெண்டைக்கால் கடுகடுப்பும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. இதை மறுக்க மாட்டேன்.

ஆனால் முதல் ஆறு மாதம் நான் போட்டது தப்பான சாக்ஸ். பெட்டியில் செருப்பு அளவை வைத்து மீடியம் என்று இருந்தது, எடுத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் முழங்காலுக்குக் கீழே மேல் பட்டை சுருண்டு கயிறு மாதிரி இறுக்கும். இழுத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி சுருளும். கழற்றினால் அங்கே விரல் புதைகிற பள்ளம்.

இது வெறும் எரிச்சலோடு போகிற விஷயமில்லை. இந்த சாக்ஸ் கணுக்காலில்தான் அதிகம் அழுத்த வேண்டும், மேலே போகப்போகக் குறைய வேண்டும். அப்போதுதான் கீழே தேங்கும் ரத்தம் மேலே ஏறும். பட்டை சுருண்டால் துணி இரண்டு மூன்று மடிப்பாகி அழுத்தம் மேலேதான் அதிகமாகும். ஏற்றிவிட வேண்டிய ரத்தத்தை நாமே கட்டிப்போட்ட கதை. நீளம் அதிகமென்று மேலே மடித்துவிட்டாலும் இதேதான் நடக்கும்.

ஒரு நாள் கோபத்தில் இன்ச் டேப்பை எடுத்தேன். கணுக்கால் எலும்புக்கு மேலே, கால் மிக ஒல்லியாக இருக்கும் இடத்தில் 22 செ.மீ. கெண்டைக்காலின் பருத்த இடத்தில் 41. அந்தப் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த அட்டவணையில் மீடியத்துக்குக் கெண்டைக்கால் 38 வரைதான். லார்ஜ் எடுத்தால் கணுக்காலில் தொளதொள, அழுத்தமே இருக்காது. கடைசியில் அகலக் கெண்டைக்காலுக்கென்று தனியாக வரும் மீடியம்தான் பொருந்தியது. எழுந்ததும், கால் வீங்கும் முன்னே அளக்க வேண்டும். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளமும் வேண்டும். பட்டை அந்த மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும்.

அழுத்தத்தைப் பொறுத்தவரை, விமானத்துக்கும் நிற்கிற வேலைக்கும் 15–20 மி.மீ. பாதரசம் போதும். பி.பி. பார்க்கிற அதே அலகுதான். 20–30 எல்லாம் வெரிகோஸ் இருப்பவர்களுக்கு டாக்டர் சொல்லி வாங்குவது. 'கிளாஸ் 2' என்று மட்டும் போட்டிருந்தால் நம்பி எடுக்காதீர்கள். பிரிட்டிஷ் கணக்கில் அது 18–24, ஜெர்மன் கணக்கில் 23–32. எண்ணைப் பாருங்கள். காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களும், சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாட்டக் கூடாது. மற்றவர்களும் விரல் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ உடனே கழற்றிவிட வேண்டும்.

மாட்டுகிற கூத்து தனி. குதிகால் வரை உள்பக்கத்தை வெளியே திருப்பி, பாதத்தை நுழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். பட்டையைப் பிடித்து இழுத்தால் துணி மேலே போய்க் குவியும். பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி கிடைக்கும், நகமும் படாது. நான் அன்று போடவில்லை. சித்திரை வெயிலில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, வியர்த்த காலில் இதைச் செய்து பார்த்தால்தான் என் கோபம் புரியும். இத்தனைக்கும் ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், மறுபடி காசு.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுப்பேன். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்தாயிற்று. எங்கள் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஸ்டூலில் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஓட்டை விழுந்ததற்குப் பதிலாக இன்னொரு ஜோடி அன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டேன் என்பது வேறு விஷயம்.

தோழியிடம், காலையில் எழுந்ததும் அளந்து மூன்று எண்ணை அனுப்பச் சொன்னேன். மறுநாள் பதில் வந்தது: "என் செருப்பு 7-ம் நம்பர்டி."