38,500 ரூபாய் போச்சு: கரிசல் மனைக்கு மணல் ரிப்போர்ட் கொடுத்த சாயில் டெஸ்ட்

கோவில்பட்டி பக்கம் அத்தான் வாங்கிய நாலரை சென்ட் மனையில் வீடு கட்ட, வீட்டுக் கட்டுமான வேலைகளை ஆன்லைனில் பதிவு செய்யும் ஒரு செயலி வழியாக மண் பரிசோதனைக்குப் பணம் கட்டினார். 38,500 ரூபாய். பத்து மீட்டர் ஆழத்துக்கு இரண்டு போர், லேப் டெஸ்ட், மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லும் எஸ்.பி.சி., அஸ்திவாரப் பரிந்துரை, எல்லாம் சேர்த்து என்றார்கள். கையில் வந்தது 22 பக்க பொய். இந்த வாரம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதுதான் தெரிந்தது. ரிப்போர்ட் வாங்கி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே எடுத்துப் படியுங்கள்.

போர் போட்ட அன்று காலை பதினொரு மணிக்கு வண்டியில் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். "சார், நீங்க வெயில்ல நிக்க வேண்டாம், முடிச்சிட்டுக் கூப்பிடுறோம்" என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையில் நம்பி அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒன்றரை மணிக்கு "முடிஞ்சது சார்" என்று போன். மூன்றாம் நாள் ரிப்போர்ட் மெயிலில் வந்துவிட்டது. வேகமாக வேலை செய்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டார், பாவம்.

இரண்டரை மணி நேரத்தில் இரண்டு போர் பத்து மீட்டர் போகவே போகாது. ஒன்றரை மீட்டருக்கு ஒரு முறை துளையை நிறுத்தி, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவைத்து, குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ண வேண்டும். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது. அடுத்த 30 செ.மீ.க்கு விழுந்த அடிகள்தான் ரிப்போர்ட்டில் வரும் 'என்' மதிப்பு. ஒரு போருக்கு ஆறு முறை, இரண்டுக்கும் பன்னிரண்டு முறை. ஒரு முழு நாளாவது வேண்டும்.

ரிப்போர்ட்டில் உள்ள 'என்' மதிப்பு அட்டவணையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. முதல் போரில் 6, 8, 11, 15, 19, 24. இரண்டாவது போரிலும் அதே 6, 8, 11, 15, 19, 24. பக்கத்துப் பக்கத்தில் போட்ட துளையானாலும் இப்படி வராது. மண் விவரத்தில் 'வெளிர் மஞ்சள் நடுத்தர மணல்', நிலத்தடி நீர் 2.1 மீட்டரில். அடுத்த மனைக் கிணற்றில் தண்ணீர் ஒன்பது மீட்டருக்குக் கீழே கிடக்கிறது! எங்கோ கடற்கரை மனைக்குப் போட்ட ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி: 1.5 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 20 டன், ஒவ்வொரு பில்லருக்கும் அடியில் தனித்தனி ஃபூட்டிங் போதும். அத்தான் போன்றவர்கள் படிப்பது இந்த இரண்டு வரியைத்தான். அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

20 டன் என்பது மண்ணின் குணம் மட்டும் இல்லை. இந்த ஆழத்தில், இந்த அகல ஃபூட்டிங் வைத்தால் இவ்வளவு என்பதுதான் பொருள். ஆழம், அகலம் குறிப்பிடாத எஸ்.பி.சி.யால் பயன் கிடையாது. அதற்குள் இரண்டு கணக்கு இருக்க வேண்டும். ஒன்று, மண் உடைந்து பிதுங்கும் பாரத்தை 2.5 அல்லது 3-ஆல் வகுத்தது. மற்றொன்று, கட்டடம் அனுமதித்த அளவுக்கு மேல் இறங்காமல் இருக்க வைக்கக்கூடிய பாரம். தனி ஃபூட்டிங்குக்கு அந்த இறக்கம் பெரும்பாலும் 50 மி.மீ. என்று எடுப்பார்கள். இரண்டில் எது குறைவோ அதையே அஸ்திவாரத்துக்கு எடுக்க வேண்டும். இந்த ரிப்போர்ட்டில் இரண்டாவது கணக்கே இல்லை.

அந்த எண்ணை வைத்து என்ன செய்வார்கள்? ஒரு பில்லரில் 40 டன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபூட்டிங்கின் எடைக்குப் பத்து சதவீதம் சேர்த்து 44 டன். 20-ஆல் வகுத்தால் 2.2 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை மீட்டர் சதுரம். உண்மையில் மண் 10 டன்தான் தாங்கும் என்றால் 4.4 சதுர மீட்டர், 2.1 மீட்டர் சதுரம் வேண்டும். பொய்யான ஓர் எண்ணால் ஃபூட்டிங் பாதியாகிவிடுகிறது.

ஆனால் கரிசலில் இதைவிடப் பெரிய ஆபத்து தாங்குதிறன் இல்லை, வீக்கம். கோடையில் காய்ந்த கரிசல் கல் மாதிரி இருக்கும். அப்போது சுத்தியல் அடித்தால் 'என்' மதிப்பு கூடுதலாக வந்து, எஸ்.பி.சி. பிரமாதமாகத் தெரியும். ஐப்பசி மழையில் அதே மண் ஊறி உப்பி, இளகிப்போகும். உப்பும்போது கீழிருந்து மேலே தள்ளும். ஒரு மாடி வீட்டுக்கு அதை அழுத்திப் பிடிக்கிற கனம் கிடையாது. வெளிச்சுவர் ஓரம் நனைந்து, நடுவீடு காய்ந்தே இருப்பதால் ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் நிற்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் வெடிப்பு அதனால்தான். தாங்கும் பாரத்தை மட்டும் சொல்லும் எஸ்.பி.சி.யில் இது தெரியவே தெரியாது.

அதைச் சொல்வது 'ஃப்ரீ ஸ்வெல் இண்டெக்ஸ்' என்ற வரி. சல்லடையில் சலித்த காய்ந்த மண் பத்துப் பத்து கிராம், ஒரு அளவுக் குழாயில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய், 24 மணி நேரம். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. நேற்று இந்த மனை மண்ணைப் போட்டுப் பார்த்ததில் மண்ணெண்ணெயில் 10 மி.லி., தண்ணீரில் 19 மி.லி. 90 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய மண். 38,500 ரூபாய் ரிப்போர்ட்டில் அந்த வரியே இல்லை.

ஜே.சி.பி. வைத்து ஒரு மூலையில் ஆழத் தோண்டியதில் 2.6 மீட்டர் வரை வெடித்த கரிசல், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கட்டியான சுக்கான் கலந்த கெட்டி மண். 1.5 மீட்டரில் ஃபூட்டிங் வைத்திருந்தால் வீடு முழுக்கக் கரிசல் மேல் உட்கார்ந்திருக்கும். இங்கே ஃபூட்டிங்கைச் சுக்கான் வரை இறக்கலாம். இல்லையென்றால் அடியில் குமிழ் விரித்த அண்டர்ரீம்டு பைல் போட்டு, சுவரைத் தாங்கும் பிளிந்த் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். ஆழ்ந்த கரிசலில் அந்தப் பைல் 3.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. எது சிக்கனம் என்பது எல்லா மூலையிலும் சுக்கான் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே இரண்டு போருக்குக் காசு கொடுத்தது!

செயலிக்குப் போன் செய்தால், "ரிப்போர்ட் டெலிவரி ஆகிடுச்சு சார், சர்வீஸ் முடிஞ்சது." மறுநாள், "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க." கூப்பிடவில்லை, புகாரை மட்டும் முடித்துவிட்டார்கள். நாலாவது முறை ஒருவர் சொன்னார், "களத்தில் மண் மாறக்கூடும்னு கடைசிப் பக்கத்துல போட்டிருக்கோமே சார்." மண் மாறும், சரி. கரிசல் மணலாகுமா? 38,500 ரூபாயில் ஒரு ரூபாய் திரும்பவில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள்.

போர் போடும்போது யாராவது வீட்டு ஆள் கூடவே நின்று, ஒவ்வொரு 15 செ.மீ. அடியையும் நோட்டில் எழுதுங்கள்.

எடுத்த மண் மாதிரிகளைப் பெட்டியோடு போட்டோ எடுங்கள். மூன்றே நாளில் லேப் ரிப்போர்ட் வந்தால் எந்த டெஸ்ட் எந்தத் தேதியில் செய்தார்கள் என்று கேளுங்கள்.

கரிசலோ களியோ என்றால் ஃப்ரீ ஸ்வெல் வரி இல்லாத ரிப்போர்ட்டுக்கு மீதிப் பணம் தராதீர்கள். அத்தான் மொத்தத்தையும் முன்கூட்டியே கட்டியிருந்தார்.

வானம் தோண்டியதும் குழி அடியில் இருக்கிற மண் ரிப்போர்ட்டில் எழுதிய மண்தானா என்று பார்க்காமல் அடி கான்கிரீட்டான பி.சி.சி. கொட்ட விடாதீர்கள்.