நோன்புக் கஞ்சி பெட்டிக்குள்ளா, கேனிலா? குன்னூரில் இரண்டையும் வாங்கிப் பார்த்த கணக்கு

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். மாலை ஷிப்டில் இருக்கும் இருபத்தாறு பேரில் பதினெட்டுப் பேர் நோன்பு வைக்கிறார்கள். மஃரிப் நேரத்தில் இயந்திரத்தை விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய் வர முடியாது என்பதால், நோன்பு திறப்பதற்கான உணவை நிர்வாகமே வாங்கித் தருகிறது. வாங்கும் பொறுப்பு என்னுடையது. நான் நோன்பு வைப்பவன் அல்லன். அதனால் ஒவ்வொன்றையும் எங்கள் மேஸ்திரி பாயிடம் கேட்டுத்தான் செய்கிறேன்.

நாங்கள் வாங்கும் சமையல்கூடம் ரமலானுக்கென்று இரண்டு ஏற்பாடுகள் வைத்திருக்கிறது. ஒன்று, முழுப் பெட்டி. கஞ்சி, மூன்று பேரீச்சம்பழம், பருப்பு வடை, சமோசா, தர்பூசணித் துண்டு எல்லாம் ஒரே அட்டைப் பெட்டிக்குள் வரும். ஆளுக்கு 130 ரூபாய். இன்னொன்றில் பெட்டிக்குள் உலர்ந்த பண்டங்கள் மட்டும் இருக்கும். கஞ்சி தனியாக, வெப்பம் காக்கும் எட்டு லிட்டர் எவர்சில்வர் கேனில் வரும். ஆளுக்கு 120 ரூபாய், கேனுக்கு 2,000 ரூபாய் முன்பணம், மறுநாள் காலை கேனைக் கழுவித் திருப்பித் தர வேண்டும். போன ரமலானில் முழுப் பெட்டி வாங்கினேன். இந்த முறை முதல் நான்கு நாள் பெட்டி, பிறகு கேன். இனி பெட்டிப் பக்கம் திரும்புவதாக இல்லை.

வடை, சமோசா, பழம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரே அடுப்பு, ஒரே கை, இரண்டிலும் ஒரே ருசி. ஆளுக்குப் பத்து ரூபாய் வித்தியாசத்தை வைத்து யாரும் முடிவெடுக்கப் போவதில்லை. சமவெளியில் வாங்கும் இஃப்தார் பெட்டிகளில் ஒரு சிறிய தண்ணீர் பாட்டில் இருக்கும். நீலகிரியில் அதற்குத் தடை என்பதால் இரண்டு ஏற்பாட்டிலும் தண்ணீர் நம் பொறுப்பு. நாங்கள் சொம்பும் டம்ளரும் வைத்துவிடுகிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து இன்னும் மலிவாகத் தருவதாக ஒருவர் சொன்னார். மலைப்பாதை கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு லாரி நின்றுவிட்டால் பாங்கு சொன்ன பிறகுதான் உணவு வரும் என்பதால் அதை யோசிக்கவே இல்லை.

முடிவைத் தீர்மானித்தது கஞ்சியின் சூடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நோன்பு திறப்பவர்கள் முதலில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுப்பார்கள். அடுத்தது கஞ்சி. அது முடிந்ததும் தொழுகை. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அந்த நேரத்துக்குள் குடித்து முடிக்கிற சூட்டில் கஞ்சி இருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க இருந்தால் ஊதிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். ஆறிப்போயிருந்தால், பகல் முழுவதும் பட்டினி கிடந்த வயிற்றில் களி போல இறங்கும். பச்சரிசிக் குருணையும் பாசிப்பருப்பும் சேர்ந்த கஞ்சி ஆற ஆற இறுகும். அறுபது டிகிரியில் ஊற்றக் குடிக்கும் பதத்தில் இருப்பது, நாற்பதுக்கு வரும்போது கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் பதத்துக்குப் போய்விடுகிறது.

மலையில் இந்தச் சிக்கல் அடுப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், குன்னூர் உயரத்தில் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரி குறையும். திறந்த பாத்திரத்தில் கஞ்சி எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. அரிசியும் பருப்பும் குழைய நேரம் பிடிக்கிறது. அவசரப்பட்டு இறக்கினால் பருப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நிற்கும். கரண்டியைத் தூக்கி ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஒரே தாரையாக விழுந்தால் வெந்த கஞ்சி, முதலில் தண்ணீரும் பின்னால் பருக்கையும் விழுந்தால் வேகாத கஞ்சி. எங்கள் சமையல்கூடத்தில் அரிசி பருப்பைக் குக்கரில் குழைய வைத்துவிட்டு, பிறகு திறந்த அண்டாவில் தேங்காய்ப் பால், புதினா, மல்லி சேர்த்துக் கொதிக்கவிடுகிறார்கள். அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை அதற்குப் பிறகு. மூன்றாம் நாள், உலர்த்தும் இயந்திரத்துக்கு உபரியாக வைத்திருந்த டயல் வெப்பமானியை எடுத்துக்கொண்டு சமையல்கூடத்துக்கே போய்விட்டேன். மாலை 5.15க்குக் கிண்ணத்தில் ஊற்றும்போது கஞ்சி 88 டிகிரி. பெட்டிக்குள் வைத்து மூடி, ஜீப்பில் ஏற்றி, தொழிற்சாலைக்கு வந்து, நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு கிண்ணத்தைப் பிரித்து வெப்பமானியை வைத்தேன். 45 டிகிரி. வெளியே 15 டிகிரி குளிர். ஒரு கிண்ணத்தில் இருப்பதே 300 மில்லி கஞ்சி. அளவு சிறியது, சுற்றிலும் குளிர், சூடு எப்படி நிற்கும்?

ஐந்தாம் நாள் கேன் வந்தது. ஊற்றும்போது அதே 88. நோன்பு திறக்கும்போது 77. டம்ளரில் ஊற்றியதும் அறுபதுகளுக்கு இறங்கியது. பேரீச்சம்பழம் சாப்பிட்டு முடிப்பதற்குள் குடிக்கிற பதம் வந்துவிட்டது. மேஸ்திரி பாய் டம்ளரை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் ஆவி படிந்தது. "இதுதான் கஞ்சி" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

சூட்டில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேலேயே இருந்தால் கிருமி பெருகாது. அதற்குக் கீழே வெதுவெதுப்பாக நிற்கும் நேரம்தான் ஆபத்து. தேங்காய்ப் பால் சேர்ந்த கஞ்சி அதில் சீக்கிரம் கெடும். எங்கள் கிண்ணக் கஞ்சி அந்த ஒரு மணி நேரத்தில் கெட்டுப்போனதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சிலர் பாதியை மூடி வைத்துவிட்டு, தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து வந்து குடிப்பார்கள். அப்போது லேசான புளிப்பு வாடையோ மேலே நுரைப்புள்ளிகளோ தெரிந்தால் கொட்டிவிட வேண்டும். சூடுபண்ணிக் குடிப்பது தீர்வு அல்ல, அடியும் பிடிக்கும்.

பெட்டியின் இன்னொரு குறை கிண்ணம். பிளாஸ்டிக் டப்பா கூடாது, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் கூடாது. அதனால் கரும்புச் சக்கைக் கிண்ணத்தில் தருகிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் சூடான கஞ்சி ஒரு மணி நேரம் நின்றால் அடிப்பக்கம் ஊறி நெகிழ்கிறது. வளைவில் ஜீப் திரும்பும்போது மூடி ஓரம் கசிகிறது. கசியாத பெட்டியிலும் கஞ்சியின் ஆவி உள்ளேயே அடைபட்டு, மொறுமொறுவென்று வந்திருக்க வேண்டிய வடையும் சமோசாவும் நமத்துப்போகின்றன. கஞ்சியைப் பிரித்த அன்றே வடை பழையபடி ஆனது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

கேனுக்கு வருகிறேன். அதில் பராமரிப்பு உண்டு, மறைக்கவில்லை. மூடியின் உள்பக்கம் இருக்கும் ரப்பர் வளையத்தில் பூண்டும் வெந்தயமும் கலந்த வாடை ஏறிவிடுகிறது. முதல் வாரம் வளையத்தைக் கழற்றாமலே கழுவினோம். எட்டாம் நாள் மூடியைத் திறந்தால் பழைய கஞ்சி மணம் குப்பென்று வந்தது. கழற்றிப் பார்த்தபோது பள்ளத்தில் இரண்டு பருக்கை கறுத்துக் கிடந்தது. இப்போது தினமும் வளையத்தைத் தனியே எடுத்து, சமையல் சோடா கலந்த வெந்நீரில் போட்டு, மூடியைத் திறந்தபடியே இரவு முழுவதும் காயவிடுகிறோம். எல்லோரும் தொழப் போயிருக்கும் நேரத்தில் இந்தக் கழுவும் வேலையை நோன்பு வைக்காத நாங்கள் எட்டுப் பேர் முறை வைத்துச் செய்கிறோம். அப்படி ஆள் இல்லாத இடத்தில் கேன் தலைவலிதான்.

கேன் வாங்குபவர்கள் சமையல்கூடத்திடம் இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். கஞ்சி ஊற்றுவதற்கு முன் கேனுக்குள் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டச் சொல்லுங்கள். ஒரு நாள் அதை மறந்து, குளிர்ந்த கேனிலேயே ஊற்றிவிட்டார்கள். அன்று 77க்குப் பதில் 70தான் இருந்தது. அடுத்தது, கேன் நிறைய இருக்க வேண்டும். எங்களுக்கு ஆளுக்கு 300 மில்லி வீதம் ஐந்தரை லிட்டர், இரண்டாம் முறை கேட்பவர்களுக்குச் சேர்த்து ஏழு. முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான அரிசியில் இந்த அளவு வருகிறது என்றார்கள். பாதி கேன் கஞ்சி சீக்கிரம் ஆறும். ஐந்தாறு பேர் மட்டும் உள்ள கடை என்றால் இந்தக் கேன் வேண்டாம், இரண்டு லிட்டர் பிளாஸ்க் போதும்.

விலைக்கும் சூட்டுக்கும் அப்பாற்பட்ட இரண்டு செய்தி. இரண்டு வகைப் பெட்டிக்கும் மூடி ஒன்றுதான். போன ஆண்டு அதில் அரபி எழுத்தில் இறைவசனம் அச்சிட்டிருந்தார்கள். மரியாதைக்காகச் செய்ததுதான். ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகு அந்த மூடியைக் குப்பையில் போட யாருக்கும் கை வரவில்லை. பதினெட்டு மூடிகளையும் பாய் தினமும் அடுக்கி எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது. சொன்னதும் சமையல்கூடத்தில் மாற்றிவிட்டார்கள். இப்போது வெறும் பழுப்பு அட்டை.

இரண்டாவது, அவர்கள் தரும் நேர அட்டை. முதலில் சென்னை நேரத்தை அச்சிட்டிருந்தார்கள். சென்னையை விட இங்கே சூரியன் ஏறக்குறைய கால் மணி நேரம் தாமதமாக மறைகிறது. அந்த அட்டையைப் பார்த்து யாராவது நோன்பு திறந்திருந்தால் அன்றைய நோன்பே முறிந்திருக்கும். உங்கள் ஊர் ஜமாஅத் தரும் அட்டையை மட்டும் சுவரில் ஒட்டுங்கள், உணவு அதற்கு இருபது நிமிடம் முன்னால் வந்துவிடட்டும்.

நான் சொல்வதெல்லாம் காய்கறி போட்ட கஞ்சியை வைத்து, குன்னூர்க் குளிரை வைத்து. கூடலூர் தாழ்வான இடம், வெயிலும் அதிகம். அங்கே கிண்ணத்தில் சூடு இன்னும் நேரம் நிற்கலாம், பெட்டியே போதும் என்று படலாம். கைமா போட்ட கஞ்சி கேனில் எப்படி இருக்கும் என்று இதுவரை பார்க்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமைக்கு ஹலால் கைமாக் கஞ்சி சொல்லியிருக்கிறேன், வெப்பமானியோடு காத்திருக்கிறேன்.