பனானா பிளக்: வசதி உண்டு, ஆனாலும் எரிச்சல்தான்

கேம் கன்சோலின் ஒலியை ரிசீவர் வழியாக உள்ளே ஆம்ப்ளிஃபையர் இல்லாத இரண்டு பாசிவ் ஸ்பீக்கர்களில் கேட்டு வருகிறேன். பழுதுபார்க்கப் போன ரிசீவர் திரும்பி வந்ததும் மறுபடியும் வயர் மாட்ட வேண்டியிருந்தது. அதே நேரம் ஒரு நண்பரும், "எந்தத் தடிமனில் வயர் வாங்கணும், பனானா பிளக் தேவையா?" என்று கேட்டார். பனானா பிளக் என்பது வயர் முனையில் பொருத்தி, ரிசீவரிலும் ஸ்பீக்கரிலும் அப்படியே செருகும் உலோக முனை. இரண்டுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

தடிமன் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். என் இடது ஸ்பீக்கருக்கு 7 மீட்டர் வயர் ஓடுகிறது, வலதுக்கு 3 மீட்டர். 16 கேஜ் செம்பு வயரில் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.013 ஓம் மின்தடை. மின்சாரம் போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால் 7 மீட்டரை 14 என்று கணக்கிட்டால் கிட்டத்தட்ட 0.18 ஓம் வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் இது இரண்டே சொச்சம் சதவீதம். ஒலியில் குறைவது 0.2 டெசிபெல் அளவுதான். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் இதே வயர் அந்த எல்லையை நெருங்கிவிடும். அப்போது 14 கேஜ் வாங்கலாம். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். இரண்டு பக்க வயர்களும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்பதற்காக மிச்ச வயரைச் சுருட்டி வைக்கத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் பார்க்க அதே தடிமனாகத் தெரிந்தாலும், அதன் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். பிளக் மாட்டியே விற்கும் ஒரு ஜோடி வயரை வாங்கினேன். பார்க்க அழகு, பிடிப்பும் இறுக்கம். ரிசீவர் பழுதுபார்க்கப் போனபோது நான்கு பிளக்கையும் உருவ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மரச்சட்டத்தின் பின்னால் கையை விட்டுத் தடவி, வெறும் செம்பு இழைகளை ஓட்டையில் நுழைத்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். தப்பிய ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டு ரிசீவர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் வம்பும் கிடையாது.

சரி, அப்படியென்ன கோபம் என்கிறீர்களா? முதல்முறை வளையத்தின் நிறத்தைக் கவனிக்காமல் மாட்டியிருந்தேன். ரிசீவர் திரும்பி வந்தபோது எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். இந்த முறை பிளக்கின் சிவப்பு வளையம் சிவப்பு முனையில், கறுப்பு கறுப்பில் என்று சரியாகத்தான் மாட்டினேன். ஆனால் கதாபாத்திரங்கள் பேசும் குரல் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் வந்து நிற்காமல் அறை முழுக்கக் கலைந்தது. பின்னால் வரும் காலடி எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. வெடிச்சத்தம் டப்பாவைத் தட்டியது போலிருந்தது. ஒலியைக் கூட்டினால் சத்தம் கூடியது, கனம் கூடவில்லை.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறினால் இப்படித்தான் ஆகும். ஒன்றின் கோன் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அதன் முன்னால் இரு ஸ்பீக்கர்களுக்கும் இடையிலான தூரம் சின்னது, அதனால் அடிநாதம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. இரண்டிலுமே மாறியிருந்தால் காது கண்டுகொள்ளாது. சப்வூஃபர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சிக்கல்: அடிநாதத்தை அது ஈடுகட்டிவிடும், கலைந்த குரல் மட்டும்தான் அறிகுறி.

ரிசீவரை அணைத்து ஒரு ஸ்பீக்கரின் இரண்டு பிளக்கையும் இடம் மாற்றினேன். அடுத்த நொடி குரல் நடுவில் வந்து உட்கார்ந்தது. பிறகு வயரை இரு முனையிலும் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு முனைச் சிவப்பு, மறுமுனைக் கறுப்போடு பேசியது. தயாரித்தவர்களே ஒரு வயரில் வளையத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்! ஒளிபுகும் உறை என்றால் ஒரு கம்பி செம்பு நிறத்திலும் மற்றது வெள்ளி நிறத்திலும் இருப்பது வெளியே தெரிந்திருக்கும். இதில் கறுப்புத் துணி சுற்றி அதையும் மறைத்துவிட்டார்கள்.

நியாயமாகச் சொன்னால் இது பிளக்கின் குற்றமில்லை. ஆனாலும் அதன் சிறு திருகு மேலும் எனக்குப் புகார் உண்டு. திருகுக்கு அடியில் மெல்லிய இழைகள் காலப்போக்கில் நசுங்கி, பிடி தளர்கிறது. மெல்லிய ஒலியில் ஒரு பக்கம் கரகரக்கும், கூட்டினால் திடீரென உயிர் வரும். அப்படி நேர்ந்தால் ரிசீவரைச் சந்தேகிக்கும் முன் திருகை ஒரு சுற்று இறுக்குங்கள்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: 16 கேஜ், முழுச் செம்பு, ஒரு பக்கம் கோடு போட்ட உறை. அரை அங்குலம் உரித்து, இழைகளை முறுக்கி, நேராகப் பின்பக்கத் திருகு முனையான போஸ்ட்டில் மாட்டு. பனானா பிளக் வேண்டாம். என்னுடையதைக் கழற்றப் போகிறாயா என்று கேட்காதே; ரிசீவரின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்கவே எனக்கு முதுகு வளையாது.